பெட்டிப் படத்தை விட்டு, கன்னத்தில் வைத்துப் பார்த்துத் தேர்ந்த நிறம்

பாளையங்கோட்டை மகாராஜநகரில் எங்கள் வீட்டு முன்கூடத்து ஜன்னலில் நூல் கட்டிய மூன்று முடிக்கற்றைகள் ஒரு வாரம் தொங்கிக்கொண்டிருந்தன. பார்த்தவர்களெல்லாம் என்னவென்று கேட்டார்கள். வாழ்நாளில் முதல் தடவையாகத் தலைக்குச் சாயம் போடுவதற்கு நான் பார்த்த ஒத்திகை அது. நிறத் தேர்வு சரியாக வந்தது. போட்ட விதத்தில் ஒரு தப்பு நடந்து, அடுத்த வாரம் அதைச் சரி செய்தேன். இரண்டையும் நடந்த வரிசைப்படியே எழுதுகிறேன்.

முதலில் செய்தது தவறான காரியம். கடையில் பெட்டிகளை வரிசையாகப் பார்த்து, படத்தில் இருந்த பெண்ணின் சாம்பல் கலந்த பழுப்பு நிறம் பிடித்துப்போய் அந்த எண்ணையே கேட்டு வாங்கி வந்துவிட்டேன். எண் 5.1. பல கம்பெனிகளில் புள்ளிக்கு முன்னால் இருப்பது முடியின் ஆழம்: 1 என்றால் கறுப்பு, 10 என்றால் மிக வெளிர். புள்ளிக்குப் பின்னால் இருப்பது சாயல்: 1 சாம்பல், 3 பொன், 4 செம்பு, 6 சிவப்பு. எண் முறையை மாற்றி வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு என்பதால் எண்ணோடு பெயரையும் வாசித்துக்கொள்வது நல்லது. என் முடி 2 என்று சொல்லலாம், ஏறக்குறைய கறுப்பு. படத்துப் பெண்ணின் முடி சாயம் போடுவதற்கு முன்பே வெளிராக இருந்திருக்கும். வெளுத்த துணியில் ஏறும் நிறம் கறுப்புத் துணியில் ஏறாது. இது வீட்டுக்கு வந்து அட்டையின் பின்பக்கத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கத்தில், கறுப்பு முடியில் இந்த நிறம் எப்படித் தெரியும் என்று ஒரு சின்னக் கட்டத்தில் போட்டிருந்தார்கள். ஏறக்குறைய கறுப்பாகவே இருந்தது.

சரி, முதலில் என் தோலின் உள்நிறம் என்ன என்று பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். உள்நிறம் என்பது மாநிறம், கறுப்பு, சிவப்பு என்று நாம் சொல்லும் மேல்நிறம் அல்ல. அதற்கு அடியில் மஞ்சள் தட்டுகிறதா, ரோஜாவோ நீலமோ தட்டுகிறதா என்பதுதான். ஒரே மாநிறத்தில் இரண்டு விதமும் இருக்கும்.

எல்லோரும் சொல்லும் மணிக்கட்டு நரம்புச் சோதனையை முதலில் செய்தேன். பச்சையாகத் தெரிந்தால் மஞ்சள் உள்நிறம், நீலமாகத் தெரிந்தால் குளிர்ந்த உள்நிறம் என்பார்கள். எனக்குப் பச்சை. பக்கத்தில் இருந்த மதினிக்கும் பச்சை. ஆச்சிக்கும் பச்சை. மதினிக்கு வெள்ளிக் கொலுசும் நீலச் சேலையும் அப்படிப் பொருந்தும், எனக்கு அவை பொருந்தவே பொருந்தாது. அப்படியிருக்க இரண்டு பேருக்கும் ஒரே விடை வருவது எப்படி? நம்மைப் போன்ற பழுப்புத் தோலில், மேலே இருக்கும் நிறத்தின் வழியாகப் பார்க்கும்போது நரம்பு பெரும்பாலும் பச்சையாகத்தான் தெரியும். நம் ஊருக்கு அந்தச் சோதனை பெரிதாக உதவாது என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது துணிச் சோதனை. இதிலும் முதல் நாள் ஏமாந்தேன். நான் வாரம் இரண்டு தடவை முகத்துக்கு மஞ்சள் பூசிக் குளிப்பவள். கழுவினாலும் தோலில் ஒரு மஞ்சள் நிற்கும். அதோடு பார்த்தால் யாருக்கும் மஞ்சள் உள்நிறம் என்றுதான் வரும். போதாததற்கு எங்கள் முன்கூடத்துச் சுவர் வெளிர் பச்சை. ஜன்னல் வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டு முகத்தில் பச்சையைத் தட்டியது. ஆகவே பத்து நாள் மஞ்சளை நிறுத்தினேன். பிறகு காலை ஒன்பது மணி வாக்கில், நேர் வெயில் படாத வாசல் திண்ணையில், பின்னால் ஒரு வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். முகத்தில் ஒன்றும் பூசவில்லை. முடியை ஒரு துண்டால் முழுக்க மூடிக்கொண்டேன்.

அண்ணனின் சலவை வெள்ளை வேட்டி ஒன்று, சலவை செய்யாத கோரா நிற வேட்டி ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றித் தாடைக்குக் கீழே பிடித்தோம். பார்க்க வேண்டியது துணியை அல்ல, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தையும் வாயோரத்தையும்தான். வெள்ளை வேட்டியைப் பிடித்தபோது என் கருவளையம் இரண்டு மடங்காகத் தெரிந்தது. கோராவைப் பிடித்ததும் அது தோலோடு கலந்து அடங்கியது. மதினிக்கு நேர் எதிர். வெள்ளையில் முகம் துடைத்துவிட்டது போல இருந்தது, கோராவில் காய்ச்சலில் எழுந்தவர் போல ஆகிவிட்டார். தங்கத் தோடு, வெள்ளித் தோடு என்று மாற்றிப் பார்த்ததிலும் இதே விடைதான். முகமும் முழங்கையும் வெயிலில் கறுத்திருக்கும் என்பதால் கழுத்துக்குக் கீழும் மேல்கையின் உள்பக்கமும் ஒரு தடவை வைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டோம்.

பிறகு கண். நம் எல்லோருக்கும் கறுப்புக் கண்தான் என்று நினைத்திருந்தேன். காலை எட்டு மணிக்கு மொட்டை மாடியில் வெயில் பக்கவாட்டில் விழும்படி நின்று, மதினி என் கண்ணைக் கிட்டத்தில் படம் எடுத்தார். பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் கருமணி, அதைச் சுற்றிக் கொதிக்கும் கருப்பட்டிப் பாகைப் போல ஒரு செம்பழுப்பு, வெளி ஓரத்தில் மெல்லிய கறுப்பு வளையம். மதினியின் கண்ணில் அந்தப் பாகு நிறமே இல்லை. மணியும் விழியும் பிரித்துச் சொல்ல முடியாத ஆழ்ந்த கறுப்புப் பழுப்பு. வீட்டுக்குள் பார்த்தால் எங்கள் இருவர் கண்ணும் ஒன்றுதான். என் கணக்கு இதுதான்: கண்ணில் இருக்கும் மிக வெளிரான வளையத்தைவிட முடி வெளிராகப் போகக் கூடாது, சாயலிலும் அதன் பக்கமே நிற்க வேண்டும். அப்படி இருந்தால் முடியின் நிறம் கண்ணில் இருப்பதை வெளியே எடுத்துக் காட்டும். முடி அதைத் தாண்டி வெளிறிவிட்டால் கண் வெறும் கறுப்பாகப் பின்னால் போய்விடும்.

இதை வைத்து டவுன் பக்கம் பார்லர் சாமான் விற்கும் ஒரு கடையில் இன்னும் இரண்டு டியூப் வாங்கினேன்: 5.3 பொன் பழுப்பு, அப்புறம் நம் ஊரில் எல்லோரும் கேட்கும் பர்கண்டி. பெட்டியாக வாங்கினால் கலந்த பிறகு மிச்சத்தை வைக்க முடியாது. டியூபாக வாங்கினால் தேவையானதைப் பிதுக்கிக்கொண்டு மூடிவிடலாம். நிறத்தை ஏற்றும் டெவலப்பரைத் தனி பாட்டிலில் வாங்கினேன், 6 சதவீதம், கடைக்காரர்கள் 20 வால்யூம் என்பார்கள். கறுப்பு முடியை ஒன்று அல்லது இரண்டு படி மேலே தூக்க, அதாவது வெளிராக்க, அது போதும்.

முடிக்காக எதையும் வெட்டவில்லை. சீப்பில் வருவதைப் பத்து நாள் சேர்த்து, தீக்குச்சிக் கனத்துக்கு ஆறு கற்றைகளாக நூலால் கட்டினேன். மூன்று போக மீதி தப்பினால் மறுபடி செய்ய. தப்பவும் செய்தது. முதல் மூன்றைத் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே நனைத்துவிட்டேன், திட்டுத் திட்டாக ஏறியது. அடுத்த மூன்றை ஷாம்பு போட்டு அலசி, ஒரு நாள் காயவிட்டு எடுத்தேன்.

அளவு: சமையலறைத் தராசில் 4 கிராம் க்ரீம், டானிக் பாட்டிலின் அளவு மூடியில் 6 மில்லி டெவலப்பர். நான் வாங்கியதில் ஒன்றுக்கு ஒன்றரை என்று போட்டிருந்தது. எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம், ஐஸ்க்ரீம் டப்பாவின் மூடி போதும். 35 நிமிடம் வைத்து, தெளிந்த நீர் வரும்வரை அலசி, ஜன்னலில் காயவிட்டேன். ஈர முடி எப்போதும் ஒரு படி கறுப்பாகத் தெரியும், அதனால் முழுக்கக் காய்வதற்கு முன் எதையும் முடிவு செய்யவில்லை.

இந்தக் கற்றைச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. என் முடியின் நுனியில் இரண்டு வருடத்துக்கு முந்தைய மருதாணி இருந்தது. அது எங்கள் வீட்டு மரத்து இலையை அரைத்தது, அதனால் பயமில்லை. கடையில் விற்கும் கறுப்பு மருதாணிப் பொடிகளில் சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும். அப்படிப்பட்ட முடியில் டெவலப்பர் பட்டால் சூடேறும், நிறம் பச்சையாகத் திரியும், முடி அறுந்தும் போகலாம். கற்றை கையில் வெதுவெதுக்கிறதா என்று முதல் ஐந்து நிமிடத்தில் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

காய்ந்த பிறகு மூன்றும் இப்படி இருந்தன. 5.1 வீட்டுக்குள் கறுப்பு, திண்ணைக்குக் கொண்டுபோனால் அடுப்புப் புகை படிந்த கறுப்பு. பர்கண்டி வீட்டுக்குள் கறுப்பு, வெயிலில் நாவல்பழச் சாறு. 5.3 நான் எதிர்பார்த்த பொன்னாக வரவில்லை, செம்பழுப்பாக வந்தது. காரணம் பிறகு புரிந்தது: கறுப்பு முடியை இரண்டு படி தூக்கினால் அடியில் இருக்கும் சிவப்பு வெளியே வரும், சாயத்தின் பொன் அந்தச் சிவப்போடு கலந்துதான் தெரியும். ஆகவே நம் முடியில் 'பொன்' என்று எழுதியிருப்பதைச் செம்பழுப்பு என்று படித்துக்கொள்ள வேண்டும்.

கையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மிகவும் பிடித்தது பர்கண்டிதான். கன்னத்தில் வைத்ததும் கதை மாறியது. அதே திண்ணை, அதே வெள்ளைப் போர்வை. காதுக்கு முன்னால் முடி விழும் இடத்தில் மதினி ஒவ்வொன்றாகப் பிடித்தார். பர்கண்டியின் ஊதா என் தோலின் மஞ்சளை இழுத்து வெளியே வைத்தது, வாயோரக் கருமை தனியாகத் தெரிந்தது. 5.1 வைத்ததும் முகமே சாம்பல் பூத்தது. 5.3 வைத்தபோது மதினி ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய் ஆச்சியைக் கூட்டி வந்தார்.

ஆச்சி கிட்டத்தில் வந்து என் முகத்தைப் பார்த்து, "ஏட்டி, கண்ணுல என்னவும் போட்டிருக்கியா? பளிச்சுன்னு கெடக்கு" என்றாள்.

கண்ணில் ஒன்றும் போடவில்லை. கற்றையை எடுத்தோம், கண் பழையபடி ஆனது. வைத்தோம், பாகு நிறம் வந்தது. மூன்று தடவை வைத்து எடுத்துப் பார்த்தோம்.

"அப்ப அந்தச் செவப்பு எனக்குத் தாங்க" என்று மதினி பர்கண்டிக் கற்றையை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அவர் கறுப்புக் கண்ணுக்கும் ரோஜா தட்டும் தோலுக்கும் அது அவருக்கென்றே நெய்த கரை மாதிரி உட்கார்ந்தது. ஒரே கற்றை, ஒரே வெளிச்சம், இரண்டு முகம்.

நிறம் முடிவானது. தலையில் போடுவதற்கு முன் ஒவ்வாமைச் சோதனை: கலவையை ஒரு பட்டாணி அளவு காதுக்குப் பின்னால் தொட்டு, தாளில் சொன்ன நேரத்தில் கழுவி, 48 மணி நேரம் கவனித்தேன். சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற பொருள் சிலருக்கு முகம் வீங்கும் அளவுக்கு ஒத்துக்கொள்ளாது. திருவிழாக் கடைகளில் கையில் போடும் கறுப்புக் கோன் எப்போதாவது அரித்தோ கொப்பளித்தோ இருந்தால் தலைச்சாயத்தைத் தொடவே கூடாது, பெரும்பாலும் அதிலும் இதே பொருள்தான். எனக்கு அரிப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை போட்டேன். முடி பாதி முதுகு வரை, அதற்கு இரண்டு டியூப் தேவைப்பட்டது. 110 கிராம் க்ரீம், 165 மில்லி டெவலப்பர். நெற்றி ஓரத்திலும் காதிலும் வாசலைன். நடு வகிடு எடுத்து, காதிலிருந்து காதுக்கு ஒரு கோடு எடுத்து, நான்கு பாகமாக க்ளிப் போட்டு, ஒவ்வொரு பாகத்திலும் வேரில் தொடங்கி நுனி வரை இழுத்துக்கொண்டு போனேன். தப்பு இங்கேதான். முடித்து அலசிக் காயவிட்டு வெயிலில் நின்றால், வகிட்டைச் சுற்றி ஓர் அங்குலத்துக்குச் செங்கல் நிறம். அதற்குக் கீழே நான் தேர்ந்த செம்பழுப்பு. நுனியில் மருதாணி இருந்த இடம் கொஞ்சம் கூடுதல் சிவப்பு. நுனி எனக்குத் தொந்தரவாக இல்லை, பின்னல் போட்டால் அழகாகவே இருந்தது. வேர்தான் கண்ணை உறுத்தியது. முகத்துக்கு மேலே வெளிராக ஒரு வட்டம் நின்றதால், கற்றையில் பார்த்த கண் வெளிச்சமும் குறைந்துபோனது.

ஏன் கற்றையில் இது தெரியவில்லை என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கற்றை ஜன்னலோரத்தில் காற்றில் கிடந்தது. வேர் முடியோ தலையின் சூட்டில் இருக்கிறது. சூட்டில் சாயம் வேகமாக வேலை செய்யும், வேர் முடி புதியது என்பதால் சீக்கிரம் ஏற்கவும் செய்யும். அதில் முதலில் போட்டு, நுனி முடியும்வரை பதினைந்து நிமிடம் கூடுதலாகவும் விட்டிருக்கிறேன். சீப்பில் வந்த முடி நிறத்தின் சாயலைச் சரியாகச் சொல்லும். தலையின் சூட்டை அது அறியாது.

சரி செய்யும் வழி எளிதுதான், ஆனால் உடனே செய்யவில்லை. தலைத்தோலுக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்தேன். பிறகு சாயலை மாற்றாமல் ஒரு படி ஆழமாக, 4.3 ஒரு டியூப், இந்தத் தடவை 3 சதவீத டெவலப்பர். அது மேலும் தூக்காமல் நிறத்தை மட்டும் படியவைக்கும். முதலில் பிடரியில் ஒரு கொத்து வேரில் மட்டும் தடவி, பத்து நிமிடம் கழித்து ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். செங்கல் நிறம் அடங்கியிருந்தது. பிறகு செங்கல் வட்டத்தில் மட்டும் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைத்து, 12 நிமிடத்தில் அலசினேன். நடுப்பகுதியின் நிறத்தோடு ஒட்டிப்போனது. மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து கண்ணைப் படம் எடுத்துப் பார்த்தேன், பாகு நிறம் திரும்பியிருந்தது.

செலவு: டியூப் ஒன்று ரூ.240 வீதம் ஐந்து, ரூ.1,200. 6 சதவீத டெவலப்பர் ரூ.220, 3 சதவீதம் சின்ன பாட்டில் ரூ.120, பிரஷ், கிண்ணம், கையுறை ரூ.90. மொத்தம் ரூ.1,630. இதில் படத்தைப் பார்த்து வாங்கிய 5.1 மட்டும் வீண். பர்கண்டி டியூப் மதினிக்குப் போனது.

அடுத்த தடவை மாற்றப்போவது இரண்டே. சீப்பு முடிக் கற்றையோடு நிற்காமல், பிடரியில் மறைவாக ஒரு கொத்தைத் தலையிலேயே வேரோடு சோதிப்பேன். போடும்போது வேரிலிருந்து ஓர் அங்குலம் விட்டு நடுவிலிருந்து நுனி வரை முதலில் தடவி, கடைசிப் பதினைந்து நிமிடத்தில்தான் வேருக்கு வருவேன். புதிதாக வளரும் முடிக்கு மட்டும் போடும்போது இந்தக் கணக்கு மாறும், அப்போது வேர் மட்டும்தான், நேரமும் தாளில் சொன்னதற்கு மேல் ஒரு நிமிடம் கூடாது.

இப்போது ஏழு வாரம் ஆகிறது. வேரில் ஒன்றரை சென்டிமீட்டர் கறுப்பு வந்திருக்கிறது. தேர்ந்த நிறம் என் கறுப்பிலிருந்து வெகுதூரம் போகாததால் கோடு போட்ட மாதிரித் தெரியவில்லை. போர்வெல் தண்ணீரில் குளிப்பதாலோ என்னவோ, பொன் சாயல் கொஞ்சம் செம்பாக இறங்கியிருக்கிறது. 5.3 கற்றையைத் தேதி எழுதி ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், தலையோடு ஒப்பிட்டுப் பார்க்க. மதினி தன் பிடரிக் கொத்தில் போன ஞாயிறு பர்கண்டியைப் போட்டுப் பார்த்துவிட்டார். முழுத் தலைக்கு ஐப்பசியில், தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் என்று பேச்சு.